ஓர் என்கொயரிக்கு எவ்வளவு தரலாம்? திருத்தணியில் கல்யாணச் சமையல் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு

திருத்தணியில் கல்யாணச் சமையல் எடுத்து நடத்துகிறவர்களுக்கு முன்பெல்லாம் வேலை இரண்டே வழியில் வந்தது. சாப்பிட்டவர்கள் சொல்லி வந்தது ஒன்று, மண்டப மேனேஜர் கைகாட்டி வந்தது மற்றொன்று. மலைமேல் முருகன் சன்னதியில் தாலி கட்டிவிட்டுக் கீழே மண்டபத்தில் பந்தி போடுகிற வீட்டார் இன்றும் அப்படித்தான் பாதிப் பேர் வருகிறார்கள். மீதிப் பாதி ஃபோனில் தேடி வருகிறது. ஜஸ்ட் டயல், சுலேகா, கூகுள் விளம்பரம், ஃபேஸ்புக் என்று எதுவானாலும், அந்தப் பெயரும் நம்பரும் உங்கள் கைக்கு வருவதற்குக் காசு கட்டவேண்டும். புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது இதைத்தான்: “ஒரு என்கொயரிக்கு எவ்வளவு வரைக்கும் கொடுக்கலாம், ஐயா?” அடுத்தவன் எவ்வளவு கொடுக்கிறான் என்று பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. பதில் உங்கள் நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

கணக்குப் புரிவதற்காக ஒரு சமையல் காண்ட்ராக்டரை வைத்துக்கொள்வோம். தை முதல் ஆனி வரை அவருக்கு 200 என்கொயரி வந்தது. அதில் 20 கல்யாணம் முடிந்தது. கீழே வரும் எண்கள் எல்லாம் அவருடையவை. உங்கள் எண்கள் வேறாக இருக்கும், கணக்குப் போகிற வழி ஒன்றுதான்.

1. முதலில் பில் தொகையை மறந்துவிடுங்கள்.

அவருடைய 20 கல்யாணத்தின் மொத்தப் பில் 33 லட்சம். வகுத்தால் கல்யாணத்துக்கு 1,65,000. ஆனால் அந்த இருபதில் ஒன்று மட்டும் 6,40,000 ரூபாய்க்கு நடந்த பெரிய இடத்துக் கல்யாணம். அதை எடுத்துவிட்டால் மீதி 19 கல்யாணத்தின் சராசரி 1,40,000தான். அடுத்த சீசனிலும் அப்படி ஒன்று வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அதனால் 1,40,000 என்றே கணக்கை ஆரம்பியுங்கள்.

இனி, அந்த வேலையை எடுத்தால் மட்டுமே வரும் செலவை எல்லாம் கழியுங்கள். மளிகை, காய்கறி, பால், கேஸ், வாழையிலை, தண்ணீர் கேன், மாஸ்டர் கூலி, பரிமாறும் பையன்கள், பாத்திரம் கழுவும் பெண்கள், வண்டி வாடகை. நம் ஆளுக்கு இதில் 1,12,000 போய்விடுகிறது. நிற்பது 28,000.

அந்த 28,000மும் விளம்பரத்துக்குக் கிடையாது. குடோன் வாடகை, வருஷம் முழுக்கச் சம்பளம் வாங்கும் ஒரு ஆள், அண்டா குண்டா தேய்மானம், பிறகு உங்கள் வீட்டு அடுப்பு. இவற்றுக்காகக் கல்யாணத்துக்கு 16,000 ஒதுக்கினால், ஒரு வேலையைப் பிடிப்பதற்காகச் செலவழிக்க மிச்சம் இருப்பது 12,000 ரூபாய். இந்த ஒரு எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் எந்த விளம்பரக்காரரோடும் பேச உட்காராதீர்கள்.

2. ‘முடிந்தது’ என்றால் அட்வான்ஸ் வந்தது என்று அர்த்தம்.

“சரிங்க, உங்களுக்கே கொடுத்துடறோம்” என்பது முடிந்த வேலை ஆகாது. பெண் வீட்டார் ஒத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் வேறு ஆளைக் கூட்டிவருவது இங்கே சாதாரணம். அட்வான்ஸ் கைக்கு வந்த தேதியைத்தான் நோட்டில் ‘முடிந்தது’ பத்தியில் எழுதவேண்டும்.

இன்னொன்று, என்கொயரி எந்த மாதம் வந்ததோ அந்த மாதக் கணக்கில்தான் அந்த வேலையையும் சேர்க்கவேண்டும். ஆனியில் விசாரித்தவர் ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடியில் அட்வான்ஸ் கொடுப்பார். ஆடியில் புது என்கொயரி குறைவாக இருக்கும். ஆடி என்கொயரியை ஆடி அட்வான்ஸோடு வைத்து வகுத்தால் கேட்டவரெல்லாம் முடித்துவிட்டது போலத் தெரியும். அதைப் பார்த்து விளம்பரக் காசை ஏற்றினால் நஷ்டம்தான்.

3. காசு கட்டி வந்ததையும் தானாக வந்ததையும் ஒரே பானையில் போடாதீர்கள்.

பலரும் வழுக்கி விழுகிற இடம் இது, அதனால் நிறுத்திச் சொல்கிறேன். 200 என்கொயரியில் 20 முடிந்தது, பத்துக்கு ஒன்று. வேலைக்கு 12,000 என்றால் என்கொயரிக்கு 1,200 தரலாம் என்று தோன்றும். நோட்டைப் பிரித்துப் பாருங்கள். பழைய வாடிக்கையாளரும் மண்டப மேனேஜரும் அனுப்பியது 50 என்கொயரி, அதில் முடிந்தது 13. காசு கட்டி ஃபோனில் வந்தது 150, அதில் முடிந்தது 7. நாலுக்கு ஒன்று ஒரு பக்கம், இருபதுக்கு ஒன்று கூட இல்லாமல் மறுபக்கம். தெரிந்தவர் சொல்லி வருகிறவர் பாதி மனசை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வருகிறார். ஃபோனில் வருகிறவர் உங்களோடு சேர்த்து நாலு பேருக்கு ரேட் கேட்கிறார்.

நீங்கள் விலை கொடுக்கப்போவது ஃபோனில் வரும் என்கொயரிக்கு. ஆகவே அதன் கணக்கை மட்டும் எடுக்கவேண்டும். 12,000ஐ 7ஆல் பெருக்கி 150ஆல் வகுத்தால் 560 ரூபாய். 1,200 எங்கே, 560 எங்கே! தானாக வந்த 13 வேலைதான் அந்த 1,200ஐக் காட்டிக்கொண்டிருந்தது.

4. அந்த 560இலும் இரண்டு கழிவு உண்டு.

ஓர் என்கொயரி வந்தால் சும்மா இருக்க முடியாது. ஃபோன், மெனு அனுப்புவது, அரக்கோணமோ பள்ளிப்பட்டோ வண்டியில் போய்ப் பேசிவிட்டு வருவது, சில வீட்டில் சாம்பாரும் பாயசமும் ருசிக்குக் கொண்டுவரச் சொல்வது. எல்லோர் வீட்டுக்கும் போவதில்லை என்பதால், பெட்ரோலும் சாம்பிளும் சேர்த்து என்கொயரிக்குச் சராசரி 150 என்று நம் ஆள் எழுதியிருக்கிறார். முடியாத 143க்கும் இந்தச் செலவு ஆனதுதான். கழித்தால் 410.

அடுத்தது ஜி.எஸ்.டி. விளம்பரப் பில்லில் 18 சதவீதம் வரும். மண்டபத்துக்கும் வீட்டுக்கும் போய்ச் சமைத்துப் போடும் நம் தொழிலுக்கு 5 சதவீத வரிதான், ஆனால் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள முடியாது என்பது அதன் நிபந்தனை. வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள் நின்று பதிவே செய்யாதவருக்கும் அதே நிலைதான், கட்டிய வரி திரும்பி வராது. அதனால் 410ஐ 1.18ஆல் வகுக்கவேண்டும். வருவது 347. விளம்பரக்காரர் சொல்லும் விலை ‘பிளஸ் ஜி.எஸ்.டி.’ என்றால், அந்த விலை 347ஐத் தாண்டக்கூடாது.

முழுக்கணக்கும் இவ்வளவுதான், நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்:

```
உச்ச விலை = (வேலைக்கு மிச்சம் × முடிந்தது ÷ வந்தது − கவனிப்புச் செலவு) ÷ 1.18
347 = (12,000 × 7 ÷ 150 − 150) ÷ 1.18
```

5. வகுக்கும் எண்ணில் குப்பையும் சேரட்டும்.

ஃபோன் என்கொயரியில் தவறான நம்பர் வரும். பரிமாற வேலை கேட்டுப் பையன்கள் கூப்பிடுவார்கள். இட்லி மாவு கிடைக்குமா என்பார்கள். “இதெல்லாம் என்கொயரியே இல்லை” என்று எழுதாமல் விட்டுவிடத் தோன்றும். ஆனால் அதற்கும் பில் வந்திருந்தால் அதுவும் 150இல் ஒன்று. புகார் கொடுத்துப் பணம் திரும்பி வந்தவற்றை மட்டும் அடித்துவிடுங்கள். நோட்டில் ஒவ்வொரு வரியிலும் தேதி, எங்கிருந்து வந்தது, எந்த ஊர், எந்த முகூர்த்தம், எத்தனை இலை, கடைசியில் என்ன ஆயிற்று என்று ஆறு விஷயம் இருந்தால் போதும்.

6. முகூர்த்த நாள்தான் உங்கள் சரக்கு.

மற்ற பல தொழிலில் இன்று முடியாததை நாளை செய்யலாம். நமக்கு அது கிடையாது. நம் ஆளிடம் இரண்டு மாஸ்டர்கள், ஒரே நாளில் இரண்டு கல்யாணத்துக்கு மேல் தாங்காது. ஆவணியிலோ தையிலோ நல்ல வளர்பிறை முகூர்த்தம் என்றால் மூன்று மாதம் முன்பே இரண்டும் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு அதே தேதிக்கு வருகிற என்கொயரிக்கு உச்ச விலை பூஜ்யம், எத்தனை பெரிய வீடாக இருந்தாலும் சரி.

அவருடைய 150 ஃபோன் என்கொயரியைத் தேதி வாரியாகப் பிரித்தபோது 45 பேர் ஏற்கெனவே நிரம்பிய நாளைக் கேட்டவர்கள். மீதி 105இல்தான் அந்த 7 வேலையும் முடிந்தது. இந்த 105ஐ மட்டும் வைத்து அதே கணக்கைப் போட்டால் உச்ச விலை 551 ஆகிறது. அதாவது நாள் காலியாக இருக்கும் மாதத்துக்கு அவர் 550 வரை தாங்குவார், நிரம்பிய மாதத்துக்கு ஒரு ரூபாயும் தாங்கமாட்டார். 347 என்பது இரண்டையும் கலந்த விலை. தேதி பார்த்து விளம்பரத்தை நிறுத்தவும் திறக்கவும் முடிகிறவருக்கு இது பெரிய வித்தியாசம். கூகுள், ஃபேஸ்புக் விளம்பரத்தை நினைத்த நாளில் நிறுத்தலாம். வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டும் பேக்கேஜில் அது நடக்காது, எனவே அங்கே 347ஐத்தான் பிடித்துக்கொள்ளவேண்டும்.

பேக்கேஜ் என்றால் கட்டிய தொகையை வந்த என்கொயரியால் வகுத்துப் பாருங்கள். கூகுள் விளம்பரம் போல ஒரு கிளிக்குக்குக் காசு என்றால், எத்தனை கிளிக்குக்கு ஒருவர் கூப்பிடுகிறார் என்று பார்த்து உச்ச விலையை அதால் வகுங்கள். பன்னிரண்டுக்கு ஒருவர் என்றால் 347 என்பது கிளிக்குக்கு 29 ரூபாய்தான்.

7. இரண்டு வேலை முடிந்ததை வைத்து விலை கட்டாதீர்கள்.

தொழிலுக்கு வந்த முதல் வருஷத்தில் 40 என்கொயரி வந்து 2 முடிந்தது என்று வையுங்கள். மற்ற எண்கள் நம் ஆளுடையதே என்றால் உச்ச விலை 381 வரும். அந்த இரண்டாவது வீட்டார் மட்டும் மனம் மாறியிருந்தால் 127. இன்னும் ஒரு வீடு ஒத்துக்கொண்டிருந்தால் 636. ஒரே ஒரு குடும்பத்தின் முடிவு உங்கள் விலையை மூன்று மடங்குக்கு ஆட்டுகிறது என்றால், அந்த எண்ணை நம்பிக் காசு கட்டக்கூடாது. நம் ஆளின் 7 வேலைகூட 5 ஆகியிருந்தால் 212, 9 ஆகியிருந்தால் 483. அதனால்தான் 347 வந்தபோதும் 220க்கு மேல் கொடுக்காதே என்று நான் சொல்வேன். இரண்டு சீசன் கணக்குச் சேர்ந்த பிறகு மெல்ல ஏற்றலாம். ஆரம்பத்தில் இருப்பவர்கள் ஒரு வேலை குறைந்திருந்தால் என்ன விலை வரும் என்று போட்டுப் பார்த்து, அந்த விலைக்குள் நிற்கவேண்டும்.

8. ஆடிக் கணக்கைக் கல்யாணக் கணக்கோடு சேர்க்காதீர்கள்.

ஆடியில் கல்யாணம் இல்லை. ஆனால் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் கூட்டத்தில் திருத்தணி நிறைந்துவிடும், அன்னதானத்துக்குச் சமைத்துத் தரக் கேட்டு ஊர்ச் சங்கத்தார் வருவார்கள். இதில் பில் சின்னது, 30,000 என்று வையுங்கள். செலவும் ஒதுக்கீடும் போக மிச்சம் 2,500தான். ஆனால் வேண்டுதலை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு வருகிறவர்கள் என்பதால் நாலுக்கு ஒன்று முடிந்துவிடும். வீட்டுக்குப் போய்ப் பேசும் செலவும் குறைவு, 50 போதும். கணக்குப் போட்டால் உச்ச விலை 487. கல்யாண என்கொயரியின் 347ஐ விட இந்தச் சின்ன வேலையின் என்கொயரி அதிகம் பெறும்! இரண்டையும் ஒன்றாகக் கொட்டி வகுத்தால், அன்னதானத்துக்குக் குறைவாகக் கொடுத்து ஆளை விடுவீர்கள், கல்யாணத்துக்கு அதிகமாகக் கொடுத்துக் காசை விடுவீர்கள்.

9. நகரியிலிருந்து வரும் ஃபோனைத் தெலுங்கு தெரிந்தவர் எடுக்கட்டும்.

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, எல்லைக்கோடு நகர்ந்தது. சம்பந்தம் செய்யும் குடும்பங்கள் அந்தக் கோட்டைப் பார்ப்பதில்லை. நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து சுப்பிரமணிய சுவாமி சன்னதியில் கல்யாணம் என்று கேட்டு வருகிறவர்கள் நிறைய. அந்த என்கொயரியைத் தனியாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். முடிவது மிகக் குறைவாக இருந்தால், பெரும்பாலும் காரணம் விலை அல்ல. தமிழில் மெனு அனுப்பியிருப்பீர்கள், அதில் புளிஹோராவும் கோங்கூராவும் இருந்திருக்காது, திரும்பக் கூப்பிட அரை நாள் ஆகியிருக்கும். ஒரே என்கொயரி நாலு பேருக்குப் போகிறபோது முதலில் அவர்கள் மொழியில் பேசியவருக்குத்தான் வாய்ப்பு. இதைச் சரிசெய்து முடியும் வேலை கூடினால், விளம்பரக் காசு ஒரு பைசா கூடாமலே உங்கள் உச்ச விலை உயரும்.

ஆனால் அங்கே ஒரு செலவு உண்டு. தெலுங்குக் கல்யாணத்தில் முகூர்த்தம் ராத்திரியில் வைப்பதும் உண்டு. பரிமாறுகிறவர்களுக்கு ராக்கூலி தரவேண்டும். அந்த வேலையின் 12,000 பத்தாயிரமாகவோ ஒன்பதாயிரமாகவோ குறையும். அதையும் தனியாகவே எழுதுங்கள்.

10. மண்டப மேனேஜர் கமிஷனையும் இதே தராசில் வையுங்கள்.

பில்லில் 5 சதவீதம் என்றால் 7,000 ரூபாய். “சும்மா கைகாட்டினதுக்கு ஏழாயிரமா!” என்று இளம் பிள்ளைகள் கோபப்படுகிறார்கள். ஃபோன் என்கொயரி ஒன்றை 300க்கு வாங்கினால் வரியோடு 354, கவனிப்பு 150, ஆக 504. 150 வாங்கி 7 முடிந்தால் ஒரு கல்யாணம் பிடிக்க 10,800 ஆகிறது. மேனேஜருக்கு 7,000த்தோடு, முடியாமல் போனவர்களைக் கவனித்த செலவையும் பங்கிட்டுச் சேர்த்தால் 7,600க்குள் அடங்கும். அதிலும் வேலை முடிந்த பிறகுதான் கொடுக்கிறீர்கள், முடியாவிட்டால் நஷ்டம் அவருடைய நேரத்துக்குத்தான். அவரிடம் பேரம் பேசுவதற்கு முன்னால் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

11. இன்னும் கூட்டலாமா என்று கேட்கும்போது, கூடுதலாகப் போகும் காசை மட்டும் பாருங்கள்.

நம் ஆள் 220 ரூபாய் வீதம் 150 என்கொயரி வாங்கினார், 33,000 ஆயிற்று, 7 கல்யாணம். அடுத்த சீசனில் விளம்பரக்காரர் பேச்சைக் கேட்டு 250 வாங்குகிறார். அதிகம் வேண்டுமென்றால் விலையும் கொஞ்சம் ஏறும், சராசரி 230. மொத்தம் 57,500, முடிந்தது 10. கணக்குப் போட்டால் உச்ச விலை 280 வருகிறது, கொடுத்தது 230தானே, லாபம் என்று தோன்றும்.

கூடுதலாக வந்ததை மட்டும் தனியே பாருங்கள். 100 என்கொயரி கூடியது. அதற்காக 24,500 கூடுதலாகப் போயிற்று, வரியோடு 28,910. அவர்களைக் கவனித்த செலவு 15,000. ஆக மொத்தம் 43,910. கூடுதலாகக் கிடைத்தது 3 கல்யாணம், அதில் மிச்சம் 36,000. கிட்டத்தட்ட 8,000 ரூபாய் கையை விட்டுப் போயிற்று, ஆறு மாத உழைப்பும் சேர்ந்து. முதல் 150 பேர் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள், நிஜமாகவே மண்டபம் பிடித்துவிட்டுக் கேட்டவர்கள். பின்னால் சேர்ந்த 100 பேரில் திருவள்ளூரில் கல்யாணம் வைத்துக்கொண்டு சும்மா ரேட் கேட்டவர்கள் அதிகம். நோட்டில் ஊர்ப் பெயர் பத்தி இருந்தால் இது முதல் மாதமே தெரியும்.

12. விளம்பரக்காரர் ஃபோன் செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒரே என்கொயரியை எத்தனை பேருக்குக் கொடுக்கிறீர்கள்? திருத்தணி, அரக்கோணம், நகரி தவிர மற்ற ஊரை நிறுத்திவைக்க முடியுமா? தவறான நம்பருக்குப் பணம் திரும்பி வருமா, எத்தனை நாளில்? பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஒருவருக்கு மட்டும் கொடுக்கும் என்கொயரிக்கு இரட்டை விலை கேட்டால் பயப்படவேண்டாம். நாலு பேருக்குப் போவதில் இருபதுக்கு ஒன்று முடிகிறவருக்கு, தனக்கு மட்டும் வருவதில் பத்துக்கு ஒன்று முடிந்தால் உச்ச விலை இரட்டிப்பையும் தாண்டும், கவனிப்புச் செலவு கூடாமல் அதே 150இல் நிற்பதால். முடிகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு முப்பது நாற்பது என்கொயரிக்கு மட்டும் முதலில் காசு கட்டுங்கள், வருஷப் பேக்கேஜில் கையெழுத்துப் போடாமல்.